வியாழக்கிழமைப் பேச்சு

“அடுத்ததாக…” என்று கையை உயர்த்திய பஸால் அப்படியே நின்றுவிட்டான். அடுத்ததாக யார் என்பதுதான் அவனுடைய சிக்கல்.

புதுவீட்டின் குளியலறைக்குள் நின்று, கண்ணாடி மாட்டுவதற்காக அறைந்திருந்த இரண்டு ஆணிகளைப் பார்த்து அவன் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை குடிபுகும் விருந்து. மௌலவி துஆ ஓதி முடித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்பாக, வீட்டுக்காரன் எழுந்து நின்று, வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு அவனுடைய மனைவி ஆகிலாவின் அண்ணன் ஜவ்பர் செய்தது. ஜவ்பர் பள்ளிக்கூடமொன்றில் பிரதி அதிபர். தன் வீட்டுக் குடிபுகுதலில் அவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் இறைச்சிக் கறியில் நெய் உறைந்துவிட்டது என்று சாய்ந்தமருதில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

“சுருக்கமா, மனசுல படுற மாதிரி ரெண்டு வார்த்த கதைங்க மச்சான். மைக் நான் கொண்டு வாறன்,” என்று சொல்லிவிட்டார். மைக் வந்த பிறகு பேசாமல் இருக்க முடியுமா?

பஸால் கல்முனை பஸாரில் தையல் கடை வைத்திருப்பவன். மார்பு இவ்வளவு, கை இவ்வளவு என்று சொல்வதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வராது. மனம் கொஞ்சம் குழம்பினால் போதும், காலடியில் மெசின் இல்லாவிட்டாலும் வலது கால் தானாக மிதிக்கத் தொடங்கிவிடும். இப்போதும் குளியலறைத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு நாளும் அவர்கள் இருந்தது ஆகிலாவின் உம்மா வீட்டில். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கிற ஊர் இது. தங்கை முஸ்பிறாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததும் அந்த வீடு அவளுக்கென்று ஆனது. மாமனார் இரண்டு தெரு தள்ளிக் கிடந்த வளவுத் துண்டை ஆகிலாவின் பேருக்கு எழுதிக் கொடுத்தார். அதில் எழும்பியதுதான் இந்த வீடு. வீடு ஆகிலாவின் பேரில், நன்றி மட்டும் பஸாலின் பேரில்.

எப்படிப் பேசுவது என்று மௌலவியிடமே கேட்டிருந்தான். அவர் விரலை மடக்கிச் சொல்லிக் கொடுத்தார். “முதல்ல அல்லாஹ்வுக்கு. பொறகு நெலம் தந்தவருக்கு. பொறகு சொந்தக்காரருக்கு, அயலவருக்கு, ஊட்டக் கட்டின ஆக்களுக்கு. குத்தங்குறை இருந்தா மன்னிக்கச் சொல்லி, சாப்பிட வாங்க எண்டு முடிங்க. அவ்வளவுதான். சோறு ஆறினா நன்றியும் ஆறிப் போகும்.”

கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. குளியலறையில் சொல்லிப் பார்ப்பது பஸாலே கண்டுபிடித்த வழி. மாமி வீட்டில் காது இல்லாத மூலை கிடையாது. இங்கே ஆள் இல்லை, சாமான் இல்லை. நாலு சுவருக்குள் தன் குரல் கம்பீரமாகத் திரும்பி வருவதைக் கேட்க அவனுக்கே ஆசையாக இருந்தது. கடையை மூடிவிட்டு, பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்கப் போவதாகச் சொல்லி, அஸர் தொழுத கையோடு வந்துவிடுவான். சுவரின் மேல்வரிசையில் காற்று வருவதற்காக மேசன் புண்ணியமூர்த்தி ஓட்டைக்கல் வைத்துக் கட்டியிருந்தார். அது வழியாகப் பக்கத்து வீட்டில் சூடை மீன் பொரிகிற வாசமும் தாராளமாக வரும்.

அந்தப் பக்கத்து வீடுதான் பஸாலின் நெஞ்சில் கிடந்த முள்.

அது றஸாக் காக்காவின் வீடு. இந்த வீட்டுக்கு அத்திவாரம் தோண்டியபோது அவருடைய அடுப்படி, அந்தக் குசினிச் சுவர், மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. காக்கா வந்து பார்த்தார், தாடியைத் தடவினார், போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை. இங்கே கிணறு தோண்டும்வரை கொங்கிறீட் குழைக்கவும் சுவர் நனைக்கவும் தண்ணீர் கொடுத்ததும் அதே காக்காதான். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குப் பூசிக் கொடுப்போம் என்று பஸால் தள்ளிப்போட்டுப் போட்டு, கடைசியில் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டு, அவர் வாசலில் இருந்தால் சைக்கிளைத் திருப்பி அடுத்த ஒழுங்கையால் போகிற நிலைக்கு வந்திருந்தான். விருந்துக்குச் சொல்ல ஆகிலாவோடு போனபோதும் காக்கா வெளியே வரவில்லை. அவருடைய மனைவி றுகையாதான் “இன்ஷா அல்லாஹ்” என்றா. உள்ளே இருமல் மட்டும் கேட்டது.

அவர் வராவிட்டால்? சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. சாவு, மௌத்து என்றாலும் முதலில் ஓடி வரவேண்டிய ஆள். அவர் மனக்குறையோடு இருக்க, நாம் எப்படி இந்த வீட்டில் நிம்மதியாகப் படுத்து எழும்புவது?

திங்கட்கிழமை அவன் சொல்லிப் பார்த்த பேச்சில் மாமாவுக்கு ஒரு வரி, ஜவ்பர் மச்சானுக்கு ஒரு வரி, மேசனுக்கு ஒரு வரி, மிச்சப் பேருக்கெல்லாம் சேர்த்து “அன்பான அயலவர்கள்” என்று ஒரு வரி. காக்காவின் பெயரைச் சொன்னால் சுவரைச் சொல்ல வேண்டும். சுவரைச் சொன்னால் இவ்வளவு காலம் வாயை மூடியிருந்ததையும் சொல்ல வேண்டும். பெயரே சொல்லாவிட்டால் வம்பில்லை. தைத்த சட்டை அளவாக அமைந்துவிட்ட திருப்தியோடு கதவைப் பூட்டினான்.

மறுநாள் காலை, புதுவீட்டுக்குப் பின்வளவில் இருக்கிற ஜெஸீமா ராத்தா கடைக்கு வந்தா. கையில் ஒரு தலையணை உறை. அதில் தைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

“இல்ல தம்பி, சும்மாதான் வந்தன். உங்கட ஊட்டுக்கு மீட்டர் வாற வரைக்கும் கரண்ட் எங்கெருந்து வந்த எண்டு ஆக்கள் கேக்காங்க. அன்பான அயலவர்கள் எண்டா ஆருக்கு வெளங்கும்?”

பஸாலின் கால் மெசினை மிதித்தது. ஊசி தலையணை உறையைத் தாண்டி மேசை விரிப்பையும் சேர்த்துத் தைத்துவிட்டது. இந்த மனுசி அப்படியே தன் வார்த்தையைச் சொல்கிறாவே! ஆனால் கேட்டதில் பிழையில்லை. அவவுடைய வீட்டிலிருந்துதான் வயர் இழுத்தார்கள். அன்று பின்னேரம் அவவுக்கும் ஒரு வரி சேர்த்தான். குரலை உயர்த்தி, மரியாதையோடு சொன்னான்.

புதன்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளி வாசலில் மீரா ஹாஜியார் பிடித்துக்கொண்டார். அவர் முன்வீட்டுக்காரர். மழைக்காலம் முழுக்க இவர்களுடைய மணல் அவருடைய மதிலோடுதான் கிடந்தது. அதை அவர் நேரடியாகச் சொல்லவில்லை. பெரிய பெருமூச்சு விட்டு, கரண்ட் பில்லுக்கு இருக்கிற மரியாதை மதிலுக்கு இல்லாத காலம் இது என்று மட்டும் சொன்னார்.

ஹாஜியாரைச் சேர்த்ததும் பேச்சு நீண்டது. நீண்டதால் மச்சானுடைய வரியைப் பாதியாக வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் இழுக்கிறது. ஜெஸீமா ராத்தா ஜவ்பரின் மனைவிக்குச் சாச்சி, அதாவது சின்னம்மா முறை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜவ்பரின் போன் வந்துவிட்டது.

“என்ன மச்சான், என்னப் பத்தி அரைவாசிதான் இரிக்காம். இந்த ஊட்டுப் படி எந்தப் பக்கம் ஏறணும் எண்டு சொன்ன ஆரு?”

அவர்தான் சொன்னார். இரண்டு தடவை மாற்றியும் சொன்னார். இரண்டு தடவையும் புண்ணியமூர்த்தி படியை உடைத்துக் கட்டினார்.

போனை வைத்த பஸாலுக்குச் சந்தேகம் தலைக்கேறியது. தாளில் எழுதினால் யாராவது பார்ப்பார்கள் என்று எழுதக்கூட இல்லை. மனதுக்குள் இருக்கும் பேச்சு ஊருக்குள் போவது எப்படி? ஒரே பாயில் படுக்கிறவள் ஒருத்திதான் இருக்கிறாள். நித்திரையில் உளறியிருப்பேன், இவள் கேட்டிருப்பாள், உம்மாவிடம் சொல்லியிருப்பாள்.

ஆகிலா விருந்துக்கு வட்டிலாப்பத்துக்கான கருப்பட்டியைத் துருவிக்கொண்டிருந்தாள்.

“நான் கதைக்கிறத நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியா?”

“என்னத்த?”

“என்ட பேச்ச.”

“உங்கட பேச்சில ஒரு சொல்லு எனக்குத் தெரியாது,” என்றாள் ஆகிலா. துருவுகிற கை நிற்கவில்லை. “எனக்கு நன்றி சொல்றீங்களா எண்டு கூட நான் கேக்கல்ல.”

பஸால் விழித்தான். அவளைப் பேச்சில் எந்த இடத்திலும் வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த விழிப்பைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது. கருப்பட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனவள், அதற்குப் பிறகு பிள்ளைகள் மூலமாகத்தான் அவனோடு பேசினாள். சாப்பாடு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு வரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரேயொரு ஆள் மட்டும் தலையணை உறையோடும் வரவில்லை, பெருமூச்சும் விடவில்லை. றஸாக் காக்கா. கேட்கவேண்டியவர் கேட்காமல் இருப்பது பஸாலை மற்ற எல்லாரையும் விட அதிகமாக வாட்டியது.

வியாழக்கிழமை குளியலறைக் கதவைச் சாத்தியபோது அவன் நிதானத்தில் இல்லை. பிஸ்மி சொன்னான், ஸலாம் சொன்னான், மாமாவுக்கு நன்றி சொன்னான், அதோடு தையல் பிரிந்துவிட்டது.

“ஜவ்பர் மச்சான், நீங்க தந்த ஆலோசன போதும். படி மூணு தரம் கட்டினது உங்களாலதான். ஜெஸீமா ராத்தா, கரண்ட் தந்தீங்க, சரி. கொங்கிறீட் மெசின் சுத்தேக்குள்ள கூட நிண்டு ஒவ்வொரு சுத்தையும் எண்ணினீங்களே, அதையும் சேத்துச் சொல்லவா? ஹாஜியார், மணல் உங்கட மதிலோட கிடந்தது உண்மதான். அரைவாசி மணல் உங்கட கோழிக்கூட்டுக்குத் தரையாப் போனதும் உண்மதான்.”

நாலு சுவரும் அவனோடு சேர்ந்து ஏசின. ஆணிகளுக்கு இன்னும் கிட்டப் போனான்.

“றஸாக் காக்கா, உங்கள என்ன செய்யிற? ஒரு நாளாச்சும் எனக்கு ஏசியிருக்கலாம். உங்கட சுவர் வெடிச்சிச்சு, நீங்க வாயத் தொறக்கல்ல. நான் தண்ணி கேட்டன், வாளியும் சேத்துத் தந்தீங்க. ஏசியிருந்தீங்க எண்டா நானும் ரெண்டு ஏசிப்போட்டு நிம்மதியா நித்திர கொண்டிருப்பன். இப்ப ஒழுங்கையால போக முடியல்ல, உங்கட மூஞ்சப் பாக்க முடியல்ல. இந்த ஊடு நிக்கிறது உங்கட கிணத்துத் தண்ணியிலதான். மன்னிச்சிக்கோங்க காக்கா எண்டு ஒரு சொல்லு சொல்ல இந்த நாசமாப் போன வாய்க்கு வருகுதில்ல. ஆகிலா, நீயும் கேட்டுக்கோ. மூணு நேரமும் கட்டடக்காரருக்குச் சோறாக்கினவ நீ. உன்ன மறந்த எனக்கு மைக் ஒரு கேடா?”

கண் கலங்கிவிட்டது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். பக்கத்து வீட்டில் மீன் பொரிகிற சத்தம் நின்றிருந்தது. யாரோ ஒருதரம் இருமினார்கள். பஸால் அதைக் கவனிக்கவில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் ஆணியிடம் சொல்லிவிட்டதால் மனம் இலேசாகி, சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனான்.

அந்த இலேசு வெள்ளிக்கிழமை ஜும்ஆ வரைக்கும்தான் நின்றது. ஹாஜியார் ஸலாத்துக்குப் பதிலைத் தரையைப் பார்த்துச் சொன்னார். ஜெஸீமா ராத்தா ஆளனுப்பித் தலையணை உறையைத் திருப்பி எடுத்துவிட்டா. மைக்கை யாரிடமாவது கொடுத்தனுப்புவதாகவும், தான் வந்தால் வருவதாகவும் ஜவ்பர் சொல்லியனுப்பினார். நன்றி இன்னும் போதவில்லைபோல என்று பஸால் முடிவுகட்டினான். வெள்ளியும் சனியும் உட்கார்ந்து பேச்சைப் புதிதாக வெட்டித் தைத்தான். எல்லாருக்கும் “மதிப்புக்குரிய” போட்டான். எல்லாருக்கும் ஒரே அளவு. படிக்கு மச்சான், கரண்டுக்கு ராத்தா, மதிலுக்கு ஹாஜியார், சோற்றுக்கு ஆகிலா. காக்காவின் இடத்தில் மட்டும் “தண்ணீர் வழங்கிய மதிப்புக்குரிய அயலவர்” என்று வைத்துச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனான்.

ஞாயிறு லுஹர் தொழுகைக்குப் பிறகு வீடு நிறைந்தது. கோபம் எவ்வளவு இருந்தாலும் ஒரே தட்டில் கூடியிருந்து தின்கிற சஹன் சோற்றை விட்டுக்கொடுக்கும் வழக்கம் இந்த ஊரில் இல்லை. ஹாஜியார் முன்வரிசையில் முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். ஜவ்பர் வந்து மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். காரைதீவிலிருந்து புண்ணியமூர்த்தி பட்டு வேட்டியோடு வந்து, தான் கட்டிய படியைத் தானே தடவிப் பார்த்தார். பெண்கள் உள்ளறையில். நடுவில் ஒரு பூப்போட்ட திரை.

பஸாலின் கண் வாசலிலேயே கிடந்தது. யாஸீன் ஓதத் தொடங்கியபோதும் காக்காவைக் காணவில்லை. துஆவுக்குக் கையேந்தியபோதும் காணவில்லை. ஆமீன் சொல்கிற நேரம், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, ஒரு சுவர்க்கடிகாரப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு றஸாக் காக்கா உள்ளே வந்தார். கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, பஸாலை நேராகப் பார்த்தார். அவர் பின்னால் வந்த றுகையா திரைக்குள் போனா.

“அடுத்து, ஊட்டுக்காரர் நன்றி சொல்லுவார். சுருக்கமா,” என்று ஜவ்பர் மைக்கை நீட்டினார். கடைசிச் சொல்லில் ஒரு இடி இருந்தது.

பஸால் எழுந்தான். பிஸ்மி வந்தது. ஸலாம் வந்தது. அல்லாஹ்வுக்குப் புகழ் வந்தது. மாமாவின் பேரையும் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு காக்காவின் முகத்தைப் பார்த்தான். மனதுக்குள் வரிசையாக இருத்தி வைத்திருந்த மதிப்புக்குரியவர்கள் அத்தனை பேரும் கூட்டாக எழும்பிப் போய்விட்டார்கள். பேச்சில் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

“அடுத்ததாக…” என்றான்.

மைக் இரைந்தது. “அடுத்ததாக…” என்றான் திரும்பவும். வலது கால் புதுச் சீமெந்துத் தரையில் மிதிக்கத் தொடங்கியது. முன்வரிசையில் ஹாஜியார் தொண்டையைச் செருமினார். மௌலவி சோற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மன்னிப்பாவது கேட்டுவிடுவோம் என்று வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வருகிறது. இதற்கு அத்திவாரக் கிடங்குக்குள்ளேயே தன்னைப் போட்டு மூடியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது பூப்போட்ட திரை கொஞ்சம் விலகியது. உள்ளேயிருந்து றுகையாவின் குரல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மறந்த பாடத்தை எடுத்துக் கொடுக்கிற மாதிரி, ஆறுதலாக வந்தது.

“யோசிக்காதீங்க தம்பி, வியாழக்கிழம அந்தக் குளியலறைக்குள்ள நிண்டு எல்லாருக்கும் ஏசினீங்களே, அதையே சொல்லுங்க. அதக் கேட்டுத்தான் இவர் வாறனெண்டு சட்ட போட்டவர்.”